பழைய வீடு வாங்கியவர்களுக்கு: மின் இணைப்பையும் குடிநீர் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றுதல்

பத்திரம் பதிவாகிச் சாவியும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கரண்ட் பில்லில் இன்னும் விற்றவரின் பெயர்தான் இருக்கிறது. பல வீடுகளில் அவருக்கு முன்பு இருந்தவரின் பெயர்கூட இருக்கும். பில்லைக் கட்டிவந்தால் மின்சாரம் வரத்தான் செய்யும் என்பதால் பலர் இதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஆதாரில் முகவரி மாற்றும்போதோ, கூடுதல் மின்பளு கேட்டு விண்ணப்பிக்கும்போதோ, சோலார் பொருத்தும்போதோதான் சிக்கல் தெரிகிறது. அதற்குள் விற்றவர் ஊர் மாறியிருப்பார், அல்லது கைப்பேசி எண்ணை மாற்றியிருப்பார்.

பத்திரப் பதிவுக்குப் பிறகு பட்டா மாறுதலுக்கான விவரம் வருவாய்த் துறைக்குப் போகிறது. மின் இணைப்பும் அப்படித் தானாக மாறிவிடும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் விண்ணப்பித்தால்தான் மாறும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இந்த அத்தியாயம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள வீட்டை விலைக்கு வாங்கியவர்களுக்கானது.

பத்திரப் பதிவுக்கு முன்பே செய்ய வேண்டியவை

பெயர் மாற்றத்தின் பாதி வேலை முழுப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு விற்றவருக்கு இதில் அக்கறை குறைந்துவிடும்.

1. மின் இணைப்பு எண்ணை வாங்குங்கள். இ.பி. அட்டையிலும் ரசீதிலும் அது இருக்கும். இணையத்தில் பணம் கட்டும்போது மண்டலக் குறியீட்டையும் சேர்த்து இட வேண்டும். மாடியும் கீழ்த்தளமும் தனித்தனி மீட்டரில் ஓடும் வீடு என்றால் எல்லா எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி விண்ணப்பம் தேவை.

2. அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்திடப்போகிறவரும் இவரும் ஒருவர்தானா என்பதே முக்கியமான கேள்வி. வேறொருவர் என்றால் கீழே வரும் ‘பெயர்ச் சங்கிலி அறுந்திருந்தால்’ பகுதியை இப்போதே படித்துவிடுங்கள்.

3. நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ரசீதோடு நின்றுவிடாமல், அந்த எண்ணை இட்டு இணையத்தில் நிலுவைத் தொகையைச் சரிபாருங்கள். வீடு வெகுநாள் பூட்டிக்கிடந்திருந்தாலோ, இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தாலோ பிரிவு அலுவலகத்துக்கே போய்க் கேட்பது நல்லது.

4. கட்டண வகையைப் பாருங்கள். முன்பு வாசல் அறையில் கடை இருந்திருந்தால் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கலாம். அப்படியே விட்டால் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குக் கடைக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக் கட்டணத்தில் உள்ள இணைப்பில் கடை நடப்பது இதைவிட ஆபத்தானது. மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அது அங்கீகாரமற்ற பயன்பாடு. சோதனையில் பிடிபட்டால் இரட்டிப்புக் கட்டணம் விதிப்பார்கள்.

5. மீட்டரைப் படம் எடுங்கள். எண்ணும் சீலும் தெளிவாகத் தெரிய வேண்டும். சீல் அறுந்திருந்தால் விற்பவரைக் கொண்டே பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். நீங்கள் குடிபோன பிறகு அது உங்கள் பொறுப்பாகிவிடும்.

எச்சரிக்கை: “பழைய பாக்கி பழைய உரிமையாளருடையது, எனக்கென்ன?” என்று இருந்துவிடாதீர்கள். கே.சி. நைனான் எதிர் கேரள மாநில மின்சார வாரியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 மே 19-இல் இதைப் பற்றித் தீர்ப்பளித்தது. விதிமுறைகளில் இடமிருந்தால், முந்தைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் அந்த இடத்துக்கு இணைப்பு என்று மின் நிறுவனம் நிபந்தனை போடலாம் என்பது அதன் சாரம். ஏலத்தில் வீடு வாங்குகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பதிவு நாளன்று வாங்க வேண்டிய ஒரு கையெழுத்து

பெயர் மாற்றத்துக்குப் பழைய நுகர்வோரின் சம்மதக் கடிதம் வேண்டும். அதற்கான படிவத்தை முன்கூட்டியே நகலெடுத்து, இணைப்பு எண்ணையும் முகவரியையும் நிரப்பி, பதிவு அலுவலகத்துக்குக் கையோடு கொண்டுபோங்கள். விற்பவர், சாட்சிகள், பேனா எல்லாம் அன்று ஒரே இடத்தில் இருக்கும். அந்தக் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். அவருடைய அடையாளச் சான்றின் நகலிலும் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

இந்தக் கடிதத்தின் பின்னால் ஒரு பண விவகாரம் இருக்கிறது. இணைப்பு கொடுத்தபோது வாங்கிய காப்பு வைப்புத்தொகை பழைய நுகர்வோரின் பெயரில் மின் நிறுவனத்திடம் இருக்கிறது. மின்சாரச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி அதற்கு வட்டியும் உண்டு. சம்மதக் கடிதம் இருந்தால் அந்த வைப்புத்தொகையும் உங்கள் கணக்குக்கு மாறும். கடிதம் இல்லாவிட்டாலும் பெயரை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் அப்போது உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, வைப்புத்தொகையை நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டிவரும். அதனால் விலை பேசும்போதே “இ.பி. டெபாசிட்டும் இதில் அடக்கம்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

குறிப்பு: வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் அசல் பத்திரம் பதிவு முடிந்ததும் வங்கிக்குப் போய்விடும். அதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். அதற்குத் தனியே அலைச்சலும் கட்டணமும் உண்டு.

நடுவில் வரும் பில்லைப் பங்கிடுதல்

வீட்டு இணைப்புகளுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். நீங்கள் குடிபோகும் நாள் பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தின் நடுவில்தான் விழும். யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டையைத் தவிர்க்க ஓர் எளிய கணக்கு போதும்.

கடைசியாகக் கணக்கெடுத்தபோது மீட்டரில் 18,420 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சாவி வாங்கிய நாளில் 18,610. ஆக விற்றவர் ஓட்டியது 190 யூனிட். அடுத்த கணக்கெடுப்பில் 18,720 வந்தால் நீங்கள் ஓட்டியது 110 யூனிட். மொத்தம் 300. வந்த பில் 900 ரூபாய் என்று கொண்டால், 300-இல் 190 பங்கு விற்றவருடையது, அதாவது 570 ரூபாய். மீதி 330 உங்களுடையது.

சாவி வாங்கும் நாளிலேயே 190 யூனிட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்குவது தவறாகிவிடும். இலவச 100 யூனிட்டும் படிப்படியாக ஏறும் கட்டண அடுக்குகளும் இரண்டு மாத மொத்தத்துக்கு உரியவை. ஒருவரின் பங்கை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டால் இலவச யூனிட் முழுவதும் அவருக்கே போய்விடும், உயர்ந்த அடுக்கின் சுமை உங்கள் தலையில் விழும். அன்றைய மீட்டர் எண்ணை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு தொகையை நிறுத்திவைத்து, பில் வந்ததும் பிரித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முறை

நிலுவை முழுவதையும் கட்டிய பிறகே தொடங்குங்கள். பாக்கி இருந்தால் விண்ணப்பம் நகராது.

1. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் www.tnpdcl.org தளத்தில் பெயர் மாற்றத்துக்கான பகுதியைத் திறந்து இணைப்பு எண்ணை இடுங்கள். திரையில் வரும் பெயரும் முகவரியும் உங்கள் வீட்டுக்குரியவைதானா என்று நிதானமாகப் பாருங்கள். ஓர் இலக்கம் தவறினால் பக்கத்து வீட்டு இணைப்பு வந்து நிற்கும்.

2. மாற்றத்துக்கான காரணமாக ‘விற்பனை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாரிசுரிமை, தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றுக்கு வேறு ஆவணங்கள் கேட்பார்கள்.

3. உங்கள் பெயரை ஆதாரில் இருப்பதுபோல எழுத்து மாறாமல் உள்ளிடுங்கள். இந்த ஒரு வரிதான் பிற்பாடு முகவரிச் சான்றாக வேலை செய்யப்போகிறது. ஆதாரில் ‘கவிதா ராமசாமி’ என்றும் பில்லில் ‘ஆர். கவிதா’ என்றும் இருந்தால் வங்கியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் கேள்வி வரும். பத்திரத்தில் முதலெழுத்து மட்டும் இருந்து ஆதாரில் விரிவாக இருந்தால் இரண்டு நகல்களையும் சேர்த்து வைத்து, ஆதாரில் உள்ளபடி பதியக் கேளுங்கள்.

4. முகவரியை முழுமையாகக் கொடுங்கள். பழைய பதிவுகளில் வெறும் ‘மனை எண் 7, அண்ணா நகர்’ என்பதுபோல இருக்கும். கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு எல்லாம் வர வேண்டும். கதவு எண் மாறிய ஊர்களில் சொத்து வரி ரசீதில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள்.

5. விற்பனைப் பத்திரம், சம்மதக் கடிதம் அல்லது உறுதிமொழிப் பத்திரம், உங்கள் அடையாளச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றுங்கள். பத்திரத்தில் சொத்து விவரப் பக்கம் மங்கலாக இருப்பதால் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் நிறைய. அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

6. கட்டணத்தைச் செலுத்தி விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் வருவதை அப்படியே படமாகவும் சேமியுங்கள்.

7. சில நாளில் உங்கள் பகுதிக்குரிய பிரிவு அலுவலகத்தை அணுகுங்கள். முடிவெடுப்பவர் அங்குள்ள உதவிப் பொறியாளர். அசல் ஆவணங்களைப் பார்க்கக் கேட்டால் காட்டுங்கள், அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

8. மாற்றம் முடிந்ததும் கைப்பேசி எண்ணையும் ஆதார் இணைப்பையும் சரிபாருங்கள். 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது விற்றவர் தன் ஆதாரை இணைத்திருப்பார். அவருடைய கைப்பேசிக்கே பில் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தால் கெடு தேதி உங்களுக்குத் தெரியாமலே கடந்துவிடும்.

வேலை தேங்கினால் மின்னகம் நுகர்வோர் சேவை மைய எண் 94987 94987-ஐ அழைத்து விண்ணப்ப எண்ணோடு புகார் பதியலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்து மூலம் கொடுங்கள்.

பாதுகாப்பு: “இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்” என்று வரும் குறுஞ்செய்திகளை நம்பாதீர்கள். பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் வந்தால் உண்மைபோலவே தோன்றும். அதில் சொல்லும் செயலியை நிறுவினால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும். இடைத்தரகரிடம் ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே “மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்” என்று எழுதித் தேதியும் இடுங்கள்.

பெயர்ச் சங்கிலி அறுந்திருந்தால்

மிகுதியாக வரும் சிக்கல் இதுதான். ஒரு நிலைமையை முழுதாகப் பார்ப்போம். மதுரையில் ஒரு தம்பதி அண்ணன் தங்கை இருவரிடமிருந்து வீடு வாங்குகிறார்கள். வீட்டைக் கட்டியவர் இவர்களின் அப்பா. மின் இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய நுகர்வோர் உயிரோடு இல்லை.

இங்கே வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, விற்ற அண்ணனிடம் மட்டும் ஒரு கடிதம் வாங்கிப் பதிவேற்றுவது. கடிதத்தில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் பொருந்தாததால் அது திரும்பி வரும். பிரிவு அலுவலகத்துக்குத் தேவைப்படுவது அப்பாவிலிருந்து உங்கள்வரை கண்ணி விடாமல் வரும் ஆவணத் தொடர். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், பின்பு வாரிசுகள் உங்களுக்கு எழுதிக்கொடுத்த விற்பனைப் பத்திரம். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அல்லது அவருடைய பங்கு விடுதலைப் பத்திரம் மூலம் மற்றவருக்குப் போயிருக்க வேண்டும். இந்த ஆவணங்கள் வீடு வாங்கும்போது வக்கீல் பார்த்த கட்டிலேயே இருக்கும். நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு வாரிசுகள் எல்லோரிடமும் சம்மதக் கடிதம் வாங்கினால் நல்லது. ஒருவர் வெளிநாட்டில் இருந்து கையெழுத்து கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வைப்புத்தொகையைப் புதிதாகக் கட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய வைப்புத்தொகை வாரிசுகள் கேட்டு வாங்க வேண்டியது. சிறிய வீடுகளில் அது பெரும்பாலும் சிறிய தொகையாகத்தான் இருக்கும், அதற்காக மாதக்கணக்கில் பெயர் மாறாமல் கிடப்பதில் பயனில்லை.

அந்தத் தம்பதி எடுக்க வேண்டிய இன்னொரு முடிவு, இணைப்பை யார் பெயரில் மாற்றுவது என்பது. கூட்டாக வாங்கியிருந்தால் மற்றவரின் சம்மதத்தோடு ஒருவர் பெயரில் வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் யோசிக்காமலே கணவர் பெயரில் போட்டுவிடுகிறோம். அவருக்குப் புதிய முகவரியில் வேறு சான்று எளிதில் கிடைக்கும் என்றால், மனைவி பெயரில் வைப்பதே குடும்பத்துக்குப் பயன்.

குடிநீர் இணைப்பு

இதில் வரிசை மாறக் கூடாது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் குடிநீர் இணைப்பு சொத்து வரி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். முதலில் சொத்து வரியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதற்குப் பத்திர நகலும் அந்த அரையாண்டு வரை வரி கட்டிய ரசீதும் வேண்டும். புதிய பெயரில் வரி ரசீது வந்ததும் அதை வைத்துக் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். சென்னையில் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகம், கிராமத்தில் ஊராட்சி அலுவலகம். அரையாண்டுகள் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் தொடங்குகின்றன. குடிநீர் வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டிலும் பாக்கி இருக்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். விற்பவர்கள் ஒன்றின் ரசீதை மட்டும் காட்டிவிட்டு “எல்லாம் கட்டியாச்சு” என்பது வழக்கம்.

முகவரிச் சான்றாகப் பயன்படுத்தும்போது

மின் கட்டண பில் நீங்கள் அந்த முகவரியில் இருப்பதற்கான சான்று. வீடு உங்களுடையது என்பதற்கான சான்று அன்று. உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும்தான். பில் மட்டும் காட்டி வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ ஒருவர் முன்வந்தால் விலகிவிடுங்கள்.

இ.பி. அட்டையையும், பணம் கட்டிய துண்டு ரசீதையும் நீட்டுவது பலர் செய்யும் தவறு. அட்டையில் பெயர் கையால் எழுதப்பட்டிருக்கும், ரசீதில் முகவரி முழுமையாக இருக்காது. தளத்திலிருந்து பில்லைப் பதிவிறக்கி, பெயர், முழு முகவரி, தேதி மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெயர் மாறிய நாளில் கையில் இருக்கும் பில் பழைய பெயரில்தான் இருக்கும். அடுத்த கணக்கெடுப்பில் வரும் பில்தான் உங்களுக்குப் பயன்படும்.

எங்கே முதலில் போவது என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது.

1. ஆதார். மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின் கட்டண பில்லை ஏற்கிறார்கள். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் முதலில் தன் முகவரியை மாற்றிக்கொள்ளட்டும். பிறகு மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்குக் குடும்பத் தலைவர் வழி முகவரி மாற்றம் என்ற முறை இருக்கிறது. விண்ணப்பித்ததும் முதலாமவரின் ஆதார் கணக்குக்குக் கோரிக்கை வரும். 30 நாளுக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கோரிக்கை காலாவதியாகிவிடும். எல்லோர் பெயரிலும் பில் தேவையில்லை.

2. வங்கி. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அடையாள விதிகள் இரண்டு மாதத்துக்கு மேற்படாத பில்லைத்தான் ஏற்கின்றன. நமக்கோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில். கொஞ்சம் தாமதித்தால் கெடு தாண்டிவிடும் என்பதால் பில் வந்த வாரத்திலேயே போங்கள். மேலும், பில்லை வைத்து முகவரி மாற்றினால் மூன்று மாதத்துக்குள் புதிய முகவரியுள்ள ஆதார் போன்ற ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். ஆதாரை முதலில் முடித்துவிட்டால் இந்த இரண்டாம் நடை மிச்சம்.

3. பாஸ்போர்ட். ஏற்கப்படும் முகவரிச் சான்றுகளின் பட்டியலில் மின் கட்டண பில்லும் குடிநீர்க் கட்டண பில்லும் இருக்கின்றன. விண்ணப்பத்தில் எழுதும் முகவரி ஆதாரிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருகிறவர் கதவு எண்ணைத் தேடித்தான் வருவார். வாசலில் பழைய எண் எழுதியிருந்தால் அவர் வருவதற்கு முன்பே புதிய எண்ணை எழுதிவிடுங்கள்.